வங்கியா, செயலியா? போய்ச் சேரும் தொகையை வைத்து ஒரு கணக்கு

வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப நினைப்பவர் பெரும்பாலும் முதலில் பார்ப்பது கட்டணத்தை. வங்கி 20 டாலர் கேட்கிறது, ஒரு செயலி 6 டாலர் கேட்கிறது, இன்னொரு செயலி கட்டணமே இல்லை என்கிறது. இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கட்டணம் இல்லாததே மலிவு என்று முடிவு செய்துவிடுகிறோம். நானும் சில வருடங்கள் அப்படித்தான் அனுப்பினேன். பிறகு ஒருநாள் பழைய ரசீதுகளை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் போட்டபோதுதான், கட்டணம் என்று திரையில் தெரிந்தது மொத்தச் செலவில் சின்னப் பங்கு மட்டுமே என்பது புரிந்தது. பெரிய பங்கு மாற்று விகிதத்துக்குள் போயிருந்தது. அதற்கு ரசீதில் தனி வரி கிடையாது.

எந்த வழியில் அனுப்பினாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். என் கணக்கிலிருந்து மொத்தமாக இவ்வளவு போனால், அவர்கள் கணக்கில் கடைசியாக எவ்வளவு வரவாகும்? விலைப்புள்ளிகளை இந்த ஒரு எண்ணுக்குக் கொண்டுவந்து நிறுத்திய பிறகுதான் ஒப்பீடு தொடங்குகிறது.

நடு விகிதம்: அளவுகோல்

நாணயச் சந்தையில் எந்த நேரத்திலும் இரண்டு விலைகள் இருக்கும், வாங்க ஒன்று, விற்க ஒன்று. அந்த இரண்டுக்கும் நடுப்புள்ளிதான் நடு விகிதம். தேடுபொறியில் இரண்டு நாணயங்களின் பெயரைத் தட்டினால் வருவதும் ஏறக்குறைய இதுதான். இந்த விகிதத்தில் நமக்கு யாராவது மாற்றித் தருவார்களா என்றால், ஒரு சில சேவைகளைத் தவிரப் பொதுவாகத் தரமாட்டார்கள். அதிலிருந்து கொஞ்சம் குறைத்துத்தான் தருவார்கள். அந்தக் குறைப்புதான் மார்ஜின்.

கணக்கு எளிது:

```
மார்ஜின் % = (நடு விகிதம் − தரும் விகிதம்) ÷ நடு விகிதம் × 100
```

இதில் இரண்டு இடத்தில் தவறு நேரும். ஒன்று, நேரம். நடு விகிதம் நாள் முழுக்க அசைந்துகொண்டே இருக்கும். காலையில் பார்த்த நடு விகிதத்தோடு மாலையில் வாங்கிய விலைப்புள்ளியை ஒப்பிட்டால் வருவது மார்ஜின் அல்ல, மார்ஜினும் சந்தையின் அசைவும் கலந்த ஒரு எண். ஆகவே எல்லா விலைப்புள்ளிகளையும் ஐந்து பத்து நிமிடத்துக்குள் எடுத்துவிட வேண்டும். ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் நேரமும் சேர்ந்தே பதிவாகிவிடும். மற்றொன்று, திசை. சில வங்கிகள் "ஒரு டாலருக்கு இத்தனை ரூபாய்" என்று போடாமல் "ஒரு ரூபாய்க்கு இத்தனை டாலர்" என்று தலைகீழாகப் போடும். அப்போது எண் பெரிதாக இருந்தால் நமக்கு நஷ்டம். 1-ஐ அந்த எண்ணால் வகுத்து நேராக்கிக்கொண்டு ஒப்பிடுங்கள்.

வார இறுதியிலும் கவனம் தேவை. நியூயார்க்கில் வெள்ளி மாலை மூடும் நாணயச் சந்தை ஞாயிறு மாலைதான் திறக்கும். இடைப்பட்ட நேரத்தில் திரையில் தெரியும் நடு விகிதம் உறைந்துபோன வெள்ளிக்கிழமை விலை. திங்கட்கிழமை விலை எங்கே திறக்கும் என்று தெரியாததால், சில சேவைகள் அந்த இரண்டு நாளும் மார்ஜினைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொள்ளும். அவசரமில்லாத பணத்துக்குச் சனிக்கிழமை விலைப்புள்ளி வாங்குவதை நான் விட்டுவிட்டேன்.

ஆயிரம் டாலரை நான்கு வழியில் அனுப்பிப் பார்ப்போம்

கணக்கு போட வசதியாக நடு விகிதத்தை 80.00 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். டாலரும் ரூபாயும் பல நாடுகளுக்கு உண்டு. எந்த நாட்டு டாலர், எந்த நாட்டு ரூபாய் என்பது இங்கே முக்கியமில்லை. வேறு நாணயங்களை வைத்தாலும் கணக்கு போடும் முறை மாறாது. கீழே வரும் விகிதங்களும் கட்டணங்களும் நான் உதாரணத்துக்கு எடுத்துக்கொண்டவை. ஆனால் இவற்றின் அமைப்பு நிஜத்தில் வரும் விலைப்புள்ளிகளின் அமைப்புதான்.

அனுப்புபவர் கையை விட்டுப் போகப்போவது, கட்டணத்தையும் சேர்த்து, சரியாக 1,000 டாலர். யாருமே எதையும் எடுக்காவிட்டால் 80,000 ரூபாய் சேர வேண்டும்.

முதல் வங்கி 20 டாலர் கட்டணம் எடுத்துக்கொண்டு 78.40 விகிதத்தில் ரூபாயாக மாற்றி அனுப்புகிறது. 980 டாலரை 78.40-ஆல் பெருக்கினால் 76,832. பெறும் வங்கி, வெளிநாட்டு வரவு என்று 250 ரூபாய் பிடித்துக்கொள்கிறது. கணக்கில் சேர்வது 76,582. போன தொகை 3,418 ரூபாய், அதாவது 4.3 சதவீதம். திரையில் தெரிந்த 20 டாலர் இதில் 1,600 ரூபாய்தான். கிட்டத்தட்ட அதே அளவு, 1,568 ரூபாய், விகிதத்தில் போயிற்று. மீதி 250 பெறும் பக்கத்தில் போயிற்று.

இரண்டாவது வங்கி பார்வைக்கு மலிவு. கட்டணம் 10 டாலர்தான். ஆனால் இந்த வங்கி ரூபாயாக மாற்றுவதில்லை, டாலராகவே அனுப்புகிறது. 990 டாலர் புறப்படுகிறது. வழியில் ஒரு இடைவங்கி 15 டாலரைக் கழித்துக்கொள்கிறது. 975 டாலர் போய்ச் சேர்கிறது. அங்கே பெறும் வங்கி தன்னுடைய வாங்கும் விகிதத்தில், 78.80 என்று வைத்துக்கொள்வோம், மாற்றுகிறது. 76,830 ரூபாய். அதிலும் 250 பிடித்தம் போக 76,580. கட்டணம் பாதி என்று தெரிந்த வங்கிக்கும் முதல் வங்கிக்கும் முடிவில் உள்ள வித்தியாசம் இரண்டு ரூபாய்.

இந்த இரண்டாவது வகைதான் ஒப்பிடவே முடியாத விலைப்புள்ளி. ஏனென்றால் அனுப்பும் வங்கி தரும் காகிதத்தில் மாற்று விகிதமே இருக்காது. விகிதத்தை முடிவு செய்வது அந்தப் பக்கத்து வங்கி. இடைவங்கி எவ்வளவு எடுக்கும் என்பதையும் அனுப்பும் வங்கிக் கிளையில் பல சமயம் உறுதியாகச் சொல்லமாட்டார்கள். எனவே வங்கியில் முதலில் கேட்க வேண்டியது, "பணத்தை எந்த நாணயத்தில் அனுப்புகிறீர்கள்? மாற்றுவது நீங்களா, அவர்களா?" அவர்கள்தான் மாற்றுகிறார்கள் என்றால், பெறுபவரிடம் சொல்லி அவருடைய வங்கி வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தை அன்று மாற்றும் விகிதத்தை, அதாவது தந்தி மாற்று வாங்கும் விகிதத்தை, பார்த்துவரச் சொல்ல வேண்டும். பல வங்கிகள் அந்தப் பட்டியலைத் தினமும் தங்கள் இணையதளத்தில் போடுகின்றன.

முதல் செயலி 6 டாலர் கட்டணம் எடுத்து 79.60 தருகிறது. 994 டாலர், பெருக்கினால் 79,122 ரூபாய். செயலி எல்லை தாண்டிப் பணத்தை அனுப்புவதில்லை என்பதால் இடைவங்கிப் பிடித்தம் இல்லை. அது எப்படி என்று பின்னால் சொல்கிறேன். மொத்த இழப்பு 878 ரூபாய், 1.1 சதவீதம்.

இரண்டாவது செயலி, கட்டணம் பூஜ்யம் என்று பெரிய எழுத்தில் போடும் செயலி, 78.80 தருகிறது. 78,800 ரூபாய். இழப்பு 1.5 சதவீதம். கட்டணமே இல்லாதது, 6 டாலர் கட்டணம் கேட்டதைவிட 322 ரூபாய் குறைவாகக் கொடுக்கிறது.

தொகை மாறினால் வரிசையும் மாறும்

இதோடு நிறுத்தியிருந்தால், "கட்டணம் கேட்கும் செயலியே நல்லது" என்று ஒரு பாடம் கிடைத்ததாகத் தோன்றும். அது தவறான பாடம். அதே நான்கு விலைப்புள்ளிகளில் மூன்றை எடுத்து, தொகையை மாற்றிப் பாருங்கள். கடைசி வரியில் மட்டும் வங்கியின் விகிதம் வேறு, அதைக் கீழே சொல்கிறேன்.

| மொத்தம் அனுப்புவது | முதல் வங்கி | 6 டாலர் செயலி | பூஜ்யக் கட்டணச் செயலி |
|---|---|---|---|
| 200 டாலர் | ரூ. 13,862 | ரூ. 15,442 | ரூ. 15,760 |
| 1,000 டாலர் | ரூ. 76,582 | ரூ. 79,122 | ரூ. 78,800 |
| 20,000 டாலர் | ரூ. 15,93,155 | ரூ. 15,91,522 | ரூ. 15,76,000 |

200 டாலரில் பூஜ்யக் கட்டணச் செயலி முன்னால் நிற்கிறது. ஆயிரத்தில் 6 டாலர் செயலி. இருபதாயிரத்தில் வங்கி.

முதல் இரண்டு வரிகளின் காரணம் ஒன்றுதான். நிலையான கட்டணம் தொகையோடு வளராது, மார்ஜின் தொகையோடு சேர்ந்து வளரும். 200 டாலரில் 6 டாலர் என்பது 3 சதவீதம். 20,000 டாலரில் அது கண்ணுக்கே தெரியாத சில்லறை. எந்த இடத்தில் தராசு சாயும் என்று மனக்கணக்காகவே பார்த்துவிடலாம். இரண்டு சேவைகளின் கட்டண வித்தியாசத்தை மார்ஜின் வித்தியாசத்தால் வகுத்தால் போதும். இங்கே கட்டண வித்தியாசம் 6 டாலர், மார்ஜின் வித்தியாசம் 1 சதவீதம். 6-ஐ 0.01-ஆல் வகுத்தால் 600. ஏறத்தாழ 600 டாலருக்குக் கீழே அனுப்பும்போது பூஜ்யக் கட்டணம் நல்லது, மேலே போனால் 6 டாலர் கொடுப்பது நல்லது. மாதாமாதம் அனுப்புகிறவர் இந்த ஒரு எண்ணைக் கண்டுபிடித்துக் குறித்து வைத்துக்கொண்டால், ஒவ்வொரு முறையும் புதிதாக யோசிக்க வேண்டாம். விகிதங்கள் ஏறி இறங்கினாலும் மார்ஜின் சதவீதம் அவ்வளவு வேகமாக மாறாது என்பதால் இந்த எல்லைக்கோடு சில மாதங்களாவது தாங்கும். ஆனால் கட்டணத்தையே தொகையின் சதவீதமாக வாங்கும் செயலிகளும் உண்டு. அங்கே அந்தச் சதவீதத்தை மார்ஜினோடு கூட்டிக்கொண்டுதான் இந்தக் கணக்கைப் போட வேண்டும்.

கடைசி வரியில் வங்கி ஜெயித்தது தானாக நடந்ததல்ல. அதே 78.40 விகிதத்தில் 20,000 டாலர் அனுப்பினால் சேர்வது 15,66,182 ரூபாய்தான், செயலியைவிட 25,000 ரூபாய்க்கு மேல் குறைவு. அட்டவணையில் நான் போட்டது பேசி வாங்கிய விகிதம், 79.75. பெரிய தொகைக்கு வங்கியின் இணையதளத்தில் தெரியும் விகிதம் கடைசி வார்த்தை அல்ல. கிளை மேலாளரிடமோ வாடிக்கையாளர் அதிகாரியிடமோ, "அந்நியச் செலாவணிப் பிரிவில் கேட்டு இந்தத் தொகைக்கு ஒரு விகிதம் வாங்கித் தாருங்கள்" என்று கேட்கலாம். கையில் செயலியின் ஸ்கிரீன்ஷாட் இருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும். எந்தத் தொகையிலிருந்து பேச முடியும் என்பது வங்கிக்கு வங்கி மாறும். ஆயிரம் டாலருக்குக் கேட்டால் சிரிப்பார்கள், வீடு வாங்கும் பணத்துக்குக் கேட்காமல் விட்டால் நஷ்டம் நமக்கு. வாய்மொழியாகச் சொன்ன விகிதம் எத்தனை மணி வரை செல்லும் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

செயலிகளில் ஒரு தடவைக்கும் ஒரு நாளைக்கும் வரம்பு இருப்பதையும் பெரிய தொகைக்காரர்கள் பார்க்க வேண்டும். 20,000-ஐ ஐந்தாகப் பிரித்து அனுப்ப நேர்ந்தால் கட்டணம் ஐந்து மடங்கு, விகிதமும் ஐந்து நாள் ஐந்து விதமாக இருக்கும்.

சின்னத் தொகையில் வங்கி இழப்பதைக் கவனித்தீர்களா? 200 டாலரில் 2,138 ரூபாய் போகிறது, 13 சதவீதத்துக்கும் மேல். உலக வங்கி பல ஆண்டுகளாக நாடுகளுக்கிடையே பணம் அனுப்பும் செலவைத் தொகுத்து வெளியிடுகிறது. அது முக்கியமாக எடுத்துக்கொள்ளும் தொகையும் 200 டாலர்தான், கட்டணத்தோடு மார்ஜினையும் சேர்த்துத்தான் செலவைச் சொல்கிறது. அந்தத் தொகுப்பில் வங்கிகளே தொடர்ந்து மிகவும் செலவான வழியாக வருகின்றன. 2030-க்குள் இந்தச் செலவை 3 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்பது ஐக்கிய நாடுகள் சபையின் நிலைத்த வளர்ச்சி இலக்குகளில் ஒன்று. நான் அந்த 3 சதவீதத்தை என் சொந்தக் கணக்குக்கும் ஒரு கோடாக வைத்திருக்கிறேன். கட்டணமும் மார்ஜினும் சேர்ந்து அதைத் தாண்டினால், வேறு ஒரு விலைப்புள்ளி பார்க்காமல் அனுப்புவதில்லை.

OUR, SHA, BEN

வங்கியின் படிவத்தில் இந்த மூன்று எழுத்துச் சொற்களைப் பார்த்திருப்பீர்கள். OUR என்றால் வழிச் செலவு முழுவதும் அனுப்புபவருடையது. SHA என்றால் இந்தப் பக்கச் செலவு அனுப்புபவருக்கு, அந்தப் பக்கச் செலவு பெறுபவருக்கு. BEN என்றால் எல்லாமே பெறுபவர் தலையில். நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் பெரும்பாலும் SHA என்றுதான் போகும்.

வீட்டுச் செலவுக்கு அனுப்பும் பணத்தில் 15 டாலர் குறைந்தால் வருத்தம்தான், வேலை கெடாது. ஆனால் கல்விக் கட்டணம், முன்பணம், விலைப்பட்டியல் தொகை போன்றவற்றில் ஒரு டாலர் குறைந்தாலும் முழுத் தொகையும் வரவில்லை என்றே எடுத்துக்கொள்வார்கள். எனக்கு இது நடந்தது. ஒரு படிப்புக்கான கட்டணத்தைச் சரியான எண்ணில், கடைசித் தேதிக்கு நான்கு நாள் முன்பு, என் வங்கி வழியாக அனுப்பினேன். இடைவங்கி தன் பங்கை எடுத்துக்கொண்டது. கல்லூரியிலிருந்து பாக்கி இருக்கிறது என்று கடிதம் வந்தபோது கடைசித் தேதி தாண்டியிருந்தது. அந்தப் பாக்கியை அனுப்ப, பாக்கியைவிடப் பெரிய கட்டணத்தை மறுபடியும் கட்டினேன். கவுண்டரில் இருந்தவர் படிவத்தில் எது குறித்திருக்கிறது என்று ஒரு தடவை என்னிடம் கேட்டிருக்கலாம். நானும் கேட்டிருக்கலாம்.

சரியான தொகை சேர வேண்டும் என்றால் வங்கியில் OUR என்று கேட்டு, அதற்கான கூடுதல் கட்டணத்தையும் சேர்த்தே ஒப்பிடுங்கள். செயலியில் "அவர்கள் பெறும் தொகை" என்ற பெட்டியில் எண்ணைப் போட்டுப் பின்னோக்கிக் கணக்கிடச் சொல்லலாம். இந்த ஒரு வேலைக்குச் செயலி வங்கியைவிடத் தெளிவானது என்பது என் அனுபவம்.

எத்தனை நாள்?

நேரத்தைப் பற்றிய விலைப்புள்ளிதான் மிகவும் தளர்வானது. "சில நிமிடங்களில்" என்றும் "1 முதல் 5 வேலை நாட்கள்" என்றும் போட்டிருக்கும். இரண்டும் எங்கிருந்து எதுவரை எண்ணுகின்றன என்பதைப் பார்க்க வேண்டும்.

வங்கி வழியில் பணம் என்பது, வங்கிகள் ஒன்றுக்கொன்று தகவல் அனுப்பும் ஸ்விஃப்ட் வலையில் போகும் ஒரு செய்தி. அனுப்பும் வங்கிக்கும் பெறும் வங்கிக்கும் நேரடிக் கணக்கு உறவு இல்லாவிட்டால், இரண்டுக்கும் பொதுவான ஒரு வங்கி நடுவே வரும். அதுதான் இடைவங்கி. அது பெரும்பாலும் அந்த நாணயத்தின் சொந்த நாட்டில் இருக்கும். ஆக மூன்று நாட்டு விடுமுறைகள் ஒன்றன் மேல் ஒன்று விழலாம். ஒவ்வொரு வங்கிக்கும் ஒரு நாளின் கடைசி நேரம் உண்டு. பிற்பகல் 3 மணி என்று வைத்துக்கொண்டால், 3:10-க்குக் கொடுத்தது அடுத்த வேலை நாள் கணக்கு. வெள்ளிக்கிழமை 3:10 என்றால் திங்கள். பல வங்கிகளில் விகிதமும் அப்போதுதான் முடிவாகும். வெள்ளியன்று திரையில் பார்த்தது வெறும் உத்தேச விகிதம்.

செய்தி நகர்வதில் தாமதம் குறைவு. ஸ்விஃப்ட்டின் கண்காணிப்பு முறைத் தரவை வைத்துப் பன்னாட்டுத் தீர்வுகள் வங்கியின் குழு ஒன்று 2022-ல் ஆராய்ந்தபோது, பாதிப் பரிமாற்றங்களாவது இரண்டு மணி நேரத்துக்குள் முடிவதையும், நீண்ட தாமதங்கள் பெரும்பாலும் பெறும் வங்கியில்தான் நேர்வதையும் கண்டது. பணம் அந்த வங்கியை அடைந்துவிட்டது, ஆனால் வாடிக்கையாளர் கணக்கில் ஏறவில்லை. பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கலாம், நோக்கத்துக்கான காகிதம் கேட்டு நிறுத்தியிருக்கலாம், அந்த வங்கியின் நேரம் முடிந்திருக்கலாம். அதனால்தான் பணம் வரவில்லை என்றால் அனுப்பிய வங்கியிடம் "எங்கே போயிற்று" என்று கேட்பதோடு நிறுத்தாமல் அந்தப் பரிமாற்றத்துக்கென்றே உள்ள UETR என்ற 36 எழுத்து நீள அடையாள எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும். அதைப் பெறுபவர் தன் வங்கியில் கொடுத்தால், அவர்கள் தேடிப் பார்த்துச் சொல்ல முடியும்.

செயலியின் வழி வேறு. அது இந்த நாட்டில் ஒரு கணக்கும் அந்த நாட்டில் ஒரு கணக்கும் வைத்திருக்கிறது. நம் பணம் இங்குள்ள கணக்கில் சேர்ந்ததும், அங்குள்ள கணக்கில் ஏற்கெனவே இருக்கும் பணத்திலிருந்து, அந்த நாட்டின் உள்நாட்டுப் பரிமாற்ற முறையில் பெறுபவருக்குப் போடுகிறது. எல்லை தாண்டிப் பணத்தை நகர்த்துவதை அது பிறகு மொத்தமாகச் செய்துகொள்ளும். இடைவங்கிப் பிடித்தம் இல்லாததும் நிமிடங்களில் சேர்வதும் இதனால்தான். ஆனால் "சில நிமிடங்கள்" என்பது நம் பணம் அவர்களிடம் சேர்ந்த பிறகான கணக்கு. வங்கிக் கணக்கிலிருந்து பிடித்துக்கொள்ளச் சொன்னால் அந்தப் பணம் அவர்களுக்கு உறுதியாகச் சேரவே ஒன்றிரண்டு நாளோ அதற்கு மேலோ ஆகலாம். முதல் தடவை என்றால் அடையாளச் சரிபார்ப்பு வேறு. வழக்கத்தைவிடப் பெரிய தொகை என்றால் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டு நிறுத்திவைப்பார்கள்.

நேரத்துக்கும் விலை போடலாம். அதே 6 டாலர் செயலி, அட்டையில் கட்டினால் உடனே அனுப்புகிறேன், அதற்கு 1 சதவீதம் கூடுதல் என்கிறது. 1,000-ல் 10 டாலர் அதற்குப் போனால் மீதி 984 டாலர், சேர்வது 78,326 ரூபாய். இரண்டு நாள் முந்துவதற்கு விலை 796 ரூபாய். மருத்துவமனையில் முன்பணம் கட்ட வேண்டும் என்றால் யோசிக்காமல் கொடுக்கலாம். மாதச் செலவுக்கு இரண்டு நாள் முன்பே அனுப்பத் தொடங்கினால் அந்த 796 மிச்சம். இந்தக் கூடுதலோடு பார்த்தால் அது பூஜ்யக் கட்டணச் செயலியைவிடவும் கீழே போய்விட்டது என்பதையும் பாருங்கள். கட்டும் முறையை மாற்றினால் ஒப்பீடு முழுவதையும் திரும்பப் போட வேண்டும். கடன் அட்டையில் கட்டுவதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். பல அட்டை நிறுவனங்கள் அதை ரொக்கம் எடுத்ததாகக் கருதி, தனிக் கட்டணமும் அன்றிலிருந்தே வட்டியும் போடும். அது செயலியின் விலைப்புள்ளியில் வராது.

வேகத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது விகிதம் பூட்டப்பட்டதா என்பது. "இந்த விகிதம் 24 மணி நேரம் செல்லும்" என்று செயலி சொன்னால், அந்த நேரத்துக்குள் நம் பணம் அவர்களிடம் சேர்ந்தால்தான் அந்த வாக்கு. மெதுவான வழியில் கட்டிவிட்டு நேரம் தாண்டினால் புது விகிதம். சந்தை ஒரே நாளில் அரை சதவீதம் நகர்வது அபூர்வமல்ல. கஷ்டப்பட்டுத் தேர்ந்தெடுத்த மார்ஜின் வித்தியாசம் அதில் கரைந்துபோகும்.

விலைப்புள்ளியில் தெரியாதவை

புது வாடிக்கையாளருக்கு முதல் தடவை மட்டும் நடு விகிதத்தை ஒட்டியோ, சில சமயம் அதற்கு மேலேயோ தருவது செயலிகளின் வழக்கம். அந்த எண்ணை வைத்து அடுத்த ஒரு வருடத்துக்கு முடிவு செய்துவிடக் கூடாது. கீழே சின்ன எழுத்தில் சாதாரண விகிதம் எழுதியிருக்கும், அதைத்தான் ஒப்பீட்டில் போட வேண்டும். முதல் சலுகையை வாங்கிக்கொள்வதில் தவறில்லை.

பணம் திரும்பி வந்தால் என்ன ஆகும் என்பதை யாரும் ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. கணக்கு எண் தவறினால் வங்கி வழியில் பணம் ரூபாயாகப் போய், மறுபடி டாலராகத் திரும்பும். இரண்டு முறையும் மார்ஜின். முதல் உதாரணத்தில் போகும்போது 2 சதவீதம், வரும்போதும் ஏறக்குறைய அவ்வளவு, வழியில் கட்டணங்கள், வாரக்கணக்கில் காத்திருப்பு. செயலியில் பணம் பட்டுவாடா ஆகுமுன் நிறுத்தினால் பெரும்பாலும் முழுத் தொகையும் திரும்பும். பட்டுவாடா ஆன பிறகு, இன்னொருவர் கணக்கில் விழுந்திருந்தால், இரண்டு வழியிலும் அவர் சம்மதிக்காமல் மீட்பது கடினம். புதிய பெறுநருக்கு முதலில் ஒரு சின்னத் தொகை அனுப்பி, சேர்ந்தது என்று அவர் சொன்ன பிறகு மீதியை அனுப்புவது என் வழக்கம். அந்தக் கூடுதல் கட்டணத்தை நான் காப்பீடு என்று எடுத்துக்கொள்கிறேன்.

இன்னொன்று காகிதம். சொத்து வாங்கவோ வரி அலுவலகத்துக்குக் காட்டவோ, வெளிநாட்டிலிருந்து வந்த பணம் என்பதற்குப் பெறும் வங்கியின் சான்று தேவைப்படலாம். செயலி உள்நாட்டுப் பரிமாற்றமாகப் போடும்போது பெறுபவரின் கணக்கு அறிக்கையில் அனுப்பியவர் பெயருக்குப் பதில் ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயர் இருக்கும். அந்தச் சான்று கிடைக்குமா என்று பணம் அனுப்புவதற்கு முன்பே பெறும் வங்கியிடம் கேட்பது நல்லது. கிடைக்காது என்றால், சில நூறு ரூபாய் அதிகமானாலும் வங்கி வழிதான்.

நான் இதற்கென ஒரு தாள் வைத்திருக்கிறேன். தேதி, நேரம், அப்போதைய நடு விகிதம், மொத்தம் கொடுத்தது, விலைப்புள்ளியில் சேரும் என்று சொன்ன தொகை, நிஜமாகச் சேர்ந்த தொகை, சேர்ந்த தேதி. கடைசி இரண்டையும் பெறுபவர்தான் சொல்ல வேண்டும். அதனால் ஒவ்வொரு முறையும், "கணக்குல கடைசி பைசா வரைக்கும் எவ்வளவு ஏறிச்சு?" என்று கேட்டு எழுதிக்கொள்கிறேன். சொன்னதற்கும் சேர்ந்ததற்கும் வித்தியாசம் வந்த இரண்டு இடங்களிலும் அந்த வித்தியாசம் ஒரே தொகையாகத்தான் வந்தது. இடைவங்கியின் பிடித்தம் எவ்வளவு என்பது எனக்குத் தெரிந்தது அந்தத் தாளிலிருந்துதான், கிளையில் கேட்டுத் தெரிந்ததல்ல.